பெட்டியடிப் பையன்களின் பேச்சு: ப. சிங்காரத்தின் நாவல்களும் பதின்பருவக் குழூஉக்குறியின் ஆயுளும்

முன்னுரை

தமிழ்ப் புனைகதையில் பதின்பருவத்தினரின் பேச்சு எழுதப்படும்போது இரண்டு குறைகள் மீண்டும் மீண்டும் நேர்கின்றன. எழுதிய சில ஆண்டுகளிலேயே அப்பேச்சு பழசாகிவிடுவது ஒன்று. எழுதிய அன்றே அது இளைஞர் பேச்சாக இல்லாமல், இளைஞரைப்போல் பேச முயலும் பெரியவரின் பேச்சாக ஒலிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் தனித்தனிக் குறைகள்போலத் தோன்றினாலும் மூலம் ஒன்றே. எழுதுபவர் இளைஞரின் சொற்களைத் திரட்டுகிறார். அச்சொற்கள் எந்த உறவில், எந்த வேலையில், யார் காதுக்கு எட்டாமல் பிறந்தன என்பதை விட்டுவிடுகிறார்.

இக்கருத்தைச் சோதிக்கச் செட்டிநாட்டு வரலாறு ஒரு தெளிவான சான்றை வைத்திருக்கிறது. கல்லல் முதலான ஊர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இரண்டாம் உலகப்போர் வரை கடல்கடந்த வட்டிக்கடைகளுக்குச் சிறுவர்கள் வேலைக்கு அனுப்பப்பட்டனர். 'பெட்டியடிப் பையன்கள்' என அழைக்கப்பட்ட அவர்களும் அவர்களுக்கு அடுத்த படியில் இருந்த இளைஞர்களும் பேசிய பேச்சின் சாயலைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தவர் ப. சிங்காரம். அந்தக் கடைகள் இன்று இல்லை. அந்தப் பேச்சும் இல்லை. ஆயினும் அவர் எழுதிய உரையாடல்கள் இன்றைய வாசகருக்குப் பழைய நாகரிகச் சரக்காகத் தோன்றுவதில்லை. அதற்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழூஉக்குறி பற்றிய பழைய நோக்கு

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலம் முன்பே அடையாளங் கண்டது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறார். குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் தமிழாசிரியர் யாவரும் அறிந்தவை: பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பர்.

இம்மூன்று சொற்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். பறி, காரை ஆகியவற்றின் பொருளை இன்று உரையின் துணையின்றி யாரும் உணர முடியாது. சொல்விளம்பிக்கு உரை தேவையில்லை. குடித்தவனைச் சொல் பேச வைப்பது எதுவோ அதுவே சொல்விளம்பி என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்குகிறது. விளங்குவதோடு சிரிப்பையும் வரவழைக்கிறது. மூன்றும் ஒரே காலத்து உரைகளில் பதிவானவை. இரண்டு இருண்டுபோக, ஒன்று தெளிவாகவே நிற்பதற்குக் காரணம், அந்த ஒன்றில் கூட்டத்தாரின் கண்பார்வை சொல்லுக்குள்ளேயே அமைந்திருப்பதுதான். மற்ற இரண்டும் மறைப்பதற்கென்றே இடப்பட்ட பெயர்கள். மறைக்க வேண்டியவர் மறைந்ததும் அவற்றின் உயிரும் போயிற்று.

இளைஞர் பேச்சிலும் இவ்விருவகைச் சொற்களும் கலந்தே வழங்குகின்றன. எழுத்தாளர் எவ்வகையைத் தேர்கிறார் என்பதைப் பொறுத்து அவர் எழுதிய பக்கத்தின் ஆயுள் அமைகிறது.

கல்லலிலிருந்து கிட்டங்கிக்கு

காரைக்குடி - மானாமதுரை இருப்புப்பாதையில் அமைந்த கல்லல், நகரத்தார் ஊர்களுள் ஒன்று. பர்மா, மலேயா, இலங்கை, சுமத்திரா, இந்தோசீனம் ஆகிய நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளுக்குத் தேவையான ஆட்கள் இத்தகைய ஊர்களிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் சென்றனர். நகரத்தார் மட்டுமன்றிச் சிவகங்கைச் சீமையின் பிற சமூகத்து இளைஞர்களும் இவ்வழியில் கப்பலேறினர். கணக்குத் தெரிந்த, கையெழுத்துத் திருந்திய பையன் ஒருவன் உறவினர் அல்லது ஊரார் பரிந்துரையின்பேரில் தேர்ந்தெடுக்கப்படுவான். நாகப்பட்டினம் போன்ற துறையில் கப்பலேறிப் பினாங்கு முதலிய துறைகளில் இறங்குவான்.

கடையில் அவனுக்கென ஒரு படிநிலை காத்திருந்தது. பணமும் பத்திரமும் வைத்த மரப்பெட்டியின் அருகே அமர்ந்து, ஏவிய வேலைகளைச் செய்பவன் பெட்டியடிப் பையன். 'மரத்தடி' என்பதைப் போன்றதே 'பெட்டியடி'. அவனுக்கு மேலே அடுத்தாள். அடுத்தாளுக்கும் மேலே கடைப்பொறுப்பு முழுவதையும் ஏற்றிருக்கும் மேலாள். முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். வேலைக்காலம் மூன்றாண்டுத் தவணையாகக் கணக்கிடப்பட்டது. தவணை முடிந்ததும் ஊருக்கு வந்து சில காலம் தங்கி மீண்டும் செல்வது வழக்கம்.

இங்குக் கவனிக்கத்தக்கது, இப்பெயர்களில் மறைபொருள் ஏதுமில்லை என்பது. பெட்டியின் அருகில் இருப்பவன், அடுத்து இருப்பவன், மேலே இருப்பவன் என்ற இடக்குறிப்புகளே பதவிப் பெயர்களாயின. கடையை ஒருமுறைகூடப் பார்த்திராத வாசகரும் இப்பெயர்களைக் கேட்டதும் ஒரு நீண்ட கூடத்தில் யார் எங்கே அமர்ந்திருப்பார் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். சொல்விளம்பியின் இனம் இது.

கிட்டங்கி என்பது அந்தக் கூடம். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பிற நகரங்களின் செட்டித் தெருக்களிலும் ஒரே கட்டடத்தில் பல கடைகள் அடுத்தடுத்து இயங்கின. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை, தரையில் அமர ஒரு பாய். பகலில் கடையாக இருந்த இடமே இரவில் ஊழியர் படுக்கும் இடமாயிற்று. பகல் முழுதும் மேலாள் முன் வாய்திறவாதிருந்த பையன், விளக்கணைத்த பின்னர் பக்கத்துக் கடைப் பையனோடு பேசத் தொடங்குவான். பதின்பருவத்தவர் பேச்சு பிறந்த இடம் இந்த இரவுதான். பெற்றோர் கடலுக்கு அப்பால். பெண்கள் எவரும் இல்லை. அருகில் உறங்குபவர் தம் வயதினரோ, தம்மினும் சிலவாண்டு மூத்தவரோ. பகலின் அடக்கமும் இரவின் துடுக்கும் ஒருவனுடைய வாயில் மாறிமாறி வருவதே இங்கு உருவான மொழியின் இலக்கணம் எனலாம்.

எழுத்துப் பெயர்கள்

இப்பேச்சின் ஒரு கூறு தனியே நோக்கத்தக்கது. நகரத்தார் கடைகள் விலாசம் எனப்படும் முதலெழுத்துத் தொடரால் அறியப்பட்டன. அவ்வெழுத்துகள் தமிழ் நெடுங்கணக்கு முறையில் ஆவன்னா, கானா, மூனா, சூனா என்றே உச்சரிக்கப்பட்டன. கடையின் விலாசம் நாளடைவில் கடைக்காரரின் பெயராகவும் ஆயிற்று. சிங்காரத்தின் நாவல்களிலும் மேலாட்களும் கடைக்காரர்களும் இவ்வாறு எழுத்துப் பெயர்களால் சுட்டப்படுகின்றனர்.

ஒரு பையன் தன் மேலாளை 'ஆவன்னா' என்று குறிப்பிடும்போது அதில் நிகழ்வது நுட்பமானது. பெயர் சொல்லி அழைக்கும் அவமதிப்பு அதில் இல்லை. 'ஐயா', 'அண்ணே' என்னும் பணிவும் இல்லை. வணிக உலகம் அங்கீகரித்த பெயரையே அவன் பயன்படுத்துகிறான். ஆனால் அதே சொல்லை இரவில் சற்றே இழுத்துச் சொன்னால் கேலியாகிவிடும். புதுச்சொல் எதையும் படைக்காமல், வழக்கிலுள்ள சொல்லின் தொனியை மட்டும் திருப்பிவிடும் இவ்வகை, இளைஞர் பேச்சின் மிகப் பழைய உத்திகளுள் ஒன்று. பள்ளி மாணவர்கள் ஆசிரியரை முதலெழுத்துகளால் குறிப்பிடும் வழக்கம் இன்றும் தமிழகமெங்கும் உண்டு. ஆசிரியர் மாறுவார், எழுத்துகள் மாறும், அமைப்பு மாறுவதில்லை.

சிங்காரம் கேட்ட பேச்சு

ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தார். 1938இல், பதினெட்டு வயதில், சுமத்திராவின் மெடான் நகரில் இருந்த வட்டிக்கடை ஒன்றில் பணியாற்றச் சென்றார். போர்க்காலத்தை அங்கே கழித்து 1946இல் தாயகம் திரும்பினார். பின்னர் மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணியில் சேர்ந்து 1987 வரை அங்கேயே இருந்தார். 1950 அளவில் எழுதிய 'கடலுக்கு அப்பால்', கலைமகள் இதழின் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. 1962 அளவில் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' பத்தாண்டு காத்திருந்து 1972இல் வெளிவந்தது.

இந்த ஆண்டுகளின் கணக்கு இக்கட்டுரைக்கு முக்கியமானது. முதல் நாவலை எழுதியபோது சிங்காரத்திற்கு வயது முப்பது. இரண்டாவதை எழுதியபோது நாற்பத்திரண்டு. அவர் எழுதியதோ 1940களின் முற்பகுதியில் தாமும் ஒருவராக இருந்து கேட்ட பேச்சு. நாற்பத்திரண்டு வயதுக்காரர் 1962ஆம் ஆண்டின் மதுரை இளைஞரைப்போலப் பேச முயலவில்லை. தம் இளமைக்காலப் பேச்சை அதன் காலத்திலேயே நிறுத்தி எழுதினார். போலிசெய்வதற்கு அங்கே இடமே இல்லாமற்போயிற்று.

மற்றொன்றும் சேர்ந்துகொண்டது. 1930களின் பொருளாதார மந்தமும் 1942இல் முற்றுப்பெற்ற ஜப்பானிய ஆக்கிரமிப்பும் வட்டிக்கடை உலகின் முதுகெலும்பை முறித்துவிட்டன. பெட்டியடிப் பையன் என்னும் வாழ்க்கைநிலையே மறைந்தது. அவன் பேசிய பேச்சு மேலும் மாற்றமடைய வாய்ப்பின்றி அங்கேயே நின்றுபோயிற்று. வழக்கிலிருக்கும் இளைஞர் சொல் நாளுக்கு நாள் மாறுவதால்தான் எழுதியவரைக் காட்டிக்கொடுக்கிறது. நின்றுபோன பேச்சு அவ்வாறு காட்டிக்கொடுப்பதில்லை.

ஆயினும் இதுமட்டுமே விடையாகாது. பழைய பேச்சு யாவும் நிலைத்துவிடுவதில்லை. அக்காலத்தை எழுதிய எத்தனையோ தொடர்கதைகளின் இளைஞர் உரையாடல்கள் இன்று வாசிக்க இயலாதவை. சிங்காரத்தின் தேர்வையும் பார்க்க வேண்டும். 'கடலுக்கு அப்பா'லின் செல்லையாவும் 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியனும் பதின்பருவத்தைச் சற்றே கடந்தவர்கள். ஆனால் அவர்கள் பேச்சு அப்பருவத்தில் வாங்கியது. அதில் மலாய்ச் சொற்களும் பிற அயற்சொற்களும் தாராளமாக வருகின்றன. அவற்றுள் பெரும்பகுதி கைக்கும் கண்ணுக்கும் அகப்படும் பொருள்களின், ஆட்களின் பெயர்கள். தொங்கான் என்பது ஒரு மரக்கலம். வாசகர் அச்சொல்லை முன்னர் அறிந்திராவிட்டாலும் கதையில் அது கடலில் மிதக்கிறது, சரக்கேற்றுகிறது, புயலில் சிக்குகிறது. சொல் தன் பொருளைத் தானே சுமந்துவருகிறது.

இன்றைய இளைஞர் வழக்கில் புகும் ஆங்கிலச் சொற்கள் பலவும் இதற்கு நேர்மாறானவை. 'க்ரிஞ்ச்' என்பது எப்பொருளின் பெயருமன்று. ஒன்றன்மேல் கொள்ளும் மனப்பான்மையின் பெயர். மனப்பான்மைச் சொல் அடுத்த அலையில் வேறொன்றால் எளிதில் பெயர்க்கப்படும். பெயர்க்கப்பட்ட பின்னர் அது நின்ற வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள வேறெதுவும் எஞ்சாது. பொருட்பெயருக்கு அந்த இடர் குறைவு.

முறைப்பெயர்களின் வலிமை

செட்டிநாட்டு இளைஞர் பேச்சின் மற்றொரு தூண் உறவுமுறை விளி. மச்சான், மாப்பிள்ளை, பங்காளி ஆகியவை இன்று தமிழக இளைஞரின் பொதுச்சொத்து. 'மச்சி', 'மாப்ள', 'பங்கு' எனக் குறுகியும் வழங்குகின்றன. கல்லல் வட்டாரத்தில் இவற்றின் பின்புலம் சற்று ஆழமானது. நகரத்தார் ஒன்பது நகரக் கோவில்களின் வழியாகப் பிரிந்தவர்கள். ஒரே கோவிலைச் சார்ந்து ஒரே பிரிவிற்குள் வருவோர் பங்காளிகள். அவர்களுக்குள் மண உறவு இல்லை. கொண்டு கொடுக்கும் முறையுடையவர்கள் வேறு. ஆகவே ஒரு பையன் மற்றொருவனை மாப்பிள்ளை என்பதா, பங்காளி என்பதா என்பது வெறும் தோழமைக் குரலன்று. அவன் யாரைக் கேலி செய்யலாம், யாருடைய அக்காளைப் பற்றிய பேச்சை எடுக்கக்கூடாது என்பதற்கான வரைபடமும் ஆகும்.

இத்தகைய விளிகள் எளிதில் பழசாகாதவை. 'மச்சான்' தலைமுறைகள் பலவற்றைக் கடந்தும் இளமையாகவே ஒலிப்பதற்குக் காரணம், அதன் வேர் திருமண முறையில் இருப்பதே. 'ப்ரோ' என்பதும் உறவுப்பெயர்தான் என வாதிடலாம். ஆனால் அது தமிழ் உறவுமுறையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள வேறுபாட்டையே துடைத்துவிடுகிறது. அதுவே அதன் கவர்ச்சி. அதுவே அதன் பலவீனமும். மூத்தவனா இளையவனா என்று சொல்லாத விளி, பேசுவோர் இருவருக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதைக் கதாசிரியருக்குச் சொல்லித்தருவதில்லை.

வினை நிற்கிறது, பெயர் மாறுகிறது

விளிகளைப் போலவே வினைச்சட்டங்களும் நீண்ட ஆயுள் உடையவை. காப்பி அடி, தம் அடி, தண்ணி அடி, சைட் அடி, கட் அடி, பிட் அடி ஆகியவற்றில் 'அடி' என்னும் வினை நிலையாக நிற்க, முன்னுள்ள பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. கதை விடு, ரீல் விடு, பீலா விடு, ஜொள்ளு விடு, பீட்டர் விடு என்பனவும் அவ்வாறே. சலிப்பூட்டும்படி நெடுநேரம் பேசுவதைக் குறிக்க ஒரு தலைமுறை 'பிளேடு போடு' என்றது. அடுத்த தலைமுறை 'மொக்கை போடு' என்றது. பிளேடு போயிற்று, மொக்கை வந்தது, 'போடு' அசையவில்லை. கூர்மையான பிளேடுக்குப் பதிலாகக் கூர்மழுங்கிய மொக்கை வந்து அமர்ந்தது மொழியின் குறும்பு என்றே சொல்ல வேண்டும்.

தமிழ் இளைஞர் பேச்சின் இயந்திரம் இந்த வினைச்சட்டத்தில்தான் இருக்கிறது. எழுத்தாளர் ஒருவர் சட்டத்தை அறிந்துகொண்டால் வழக்கிலில்லாத ஒரு பெயரையும் அதில் பொருத்தித் தம் பாத்திரத்திற்கெனத் தனிச்சொல் படைக்கலாம். ஒரு பள்ளியின் ஒரு வகுப்பு மட்டும் வழங்கும் சொல்லாக அது நிற்கும். அது எக்காலத்திலும் நடப்புச் சொல்லாக இருந்ததில்லையாதலால் பழசாகவும் முடியாது. வாசகரோ சட்டத்தைக் கொண்டு பொருளை உணர்ந்துகொள்வார்.

ஒரு சொல் நிலைத்ததா என்பதை அறிய க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியின் 1992, 2008, 2020 ஆகிய மூன்று பதிப்புகளையும் ஒப்பிடுவது ஆய்வாளருக்குப் பயன்தரும். எழுத்து வழக்கில் வேரூன்றியவற்றையே அகராதி ஏற்பதால், மூன்றிலும் இடம்பெறும் பேச்சுச்சொல் முப்பதாண்டுச் சோதனையில் தேறியது எனக் கொள்ளலாம்.

ஒரே எழுத்தாளர், இரு வழிகள்

போலச்செய்தலின் இடரை விளக்கச் சுஜாதாவின் எழுத்து பொருத்தமான ஒப்பீடு. 1935இல் பிறந்த அவர், 2003இல் வெளிவந்த ஷங்கரின் 'பாய்ஸ்' திரைப்படத்திற்கு உரையாடல் எழுதினார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. சென்னை நகரப் பதின்பருவத்தவரின் அன்றைய சொற்கள் அதில் செறிவாக அடுக்கப்பட்டன. படம் ஆபாசம் என்ற கண்டனத்தை எதிர்கொண்டது. அவ்விவாதத்தின் இரைச்சலில் மொழி பற்றிய கேள்வி கவனிக்கப்படாமற்போயிற்று. உண்மையில் அதன் சிக்கல் துணிச்சலில் இல்லை, செறிவில் இருந்தது.

அதே சுஜாதா தம் ஸ்ரீரங்கத்து இளமையை நினைவுகூர்ந்து எழுதிய 'ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்' தொகுதியில் தெருப்பையன்களின் பேச்சு வேறுவிதமாக அமைந்துள்ளது. அங்கே புதுச்சொல் குறைவு. கோவில் வீதி, கிரிக்கெட், ஒருவரையொருவர் சீண்டும் பட்டப்பெயர் ஆகியவற்றின் ஊடாகவே இளமை வெளிப்படுகிறது. நகைச்சுவை உணர்வும் செவிநுட்பமும் இரண்டிலும் ஒருவருடையவையே. தாம் உள்ளிருந்து கேட்டதை எழுதியபோது அவருக்குச் சொற்பட்டியல் தேவைப்படவில்லை. வெளியிலிருந்து கேட்டதை எழுதியபோது அது தேவைப்பட்டது. சிங்காரத்தின் வழியும் முதலாவதே.

பெரியவரின் இத்தகைய முயற்சிக்கு இளைஞரே ஒரு பெயரும் சூட்டிவிட்டனர்: 'பூமர்'. அச்சொல்லும் தப்பவில்லை. 2024இல் 'பூமர் அங்கிள்' என ஒரு திரைப்படமே வந்துவிட்டது. சொல்லைப் படைத்தவர்கள் அதைக் கைவிடுவதற்கு அதைவிட உறுதியான காரணம் வேண்டியதில்லை.

ஒரு காட்சியை எழுதிப் பார்த்தல்

மேற்கூறியவற்றை ஒரு சிறு காட்சியில் சோதிக்கலாம். கல்லல் பேருந்து நிறுத்தத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் இருவர். ஒருவன் தனிவகுப்பிற்குச் செல்லாமல் ஏமாற்றியிருக்கிறான். பின்வரும் இரண்டு வடிவங்களும் இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை. முதல் வடிவம்:

"ப்ரோ, அந்த மேத்ஸ் டியூஷன் செம க்ரிஞ்ச் ப்ரோ."
"கட் அடிச்சுட்டியா? மாஸ் ப்ரோ, வேற லெவல்!"

இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் இளைஞர் வாயில் வழங்குவதே. ஆயினும் காட்சி பொய்யாக ஒலிக்கிறது. இரண்டு வரிக்குள் ஆறு வழக்குச் சொற்கள் நெருக்கியடிக்கின்றன. உண்மையான இளைஞர் பேச்சில் ஒரு சொல்லே பலமுறை, வெவ்வேறு தொனியில் வரும். ஆறு சொற்கள் வரிசையில் நின்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. இருவரும் ஒரே குரலில் பேசுகின்றனர். கல்லல் என்னும் ஊரைச் சுட்ட ஓரசையும் இல்லை. ஏமாற்றியவனுக்கு எதை இழக்கும் அச்சமும் இல்லை. இரண்டாம் வடிவம்:

"என்ன மாப்ள, இன்னைக்கும் வயித்து வலியா?"
"தலைவலிடா. வயித்து வலி போன வாரம்."
"ஆவன்னா நம்பிட்டாரா?"
"அவரு நம்பிட்டாரு. எங்க ஆயாதான் கசாயம் வச்சுருச்சு."

இதில் நடப்பு வழக்குச்சொல் ஒன்றுகூட இல்லை. இளமை 'மாப்ள' என்னும் விளியிலும், ஆசிரியரை முதலெழுத்தால் குறிப்பதிலும், பொய்யை இருவரும் பொய்யென அறிந்தே நோயின் பட்டியலாகப் பேசுவதிலும் இருக்கிறது. ஆயா என்பது செட்டிநாட்டில் பாட்டி. 'வச்சுருச்சு' என மூத்த பெண்ணை அஃறிணை முடிபால் வாஞ்சையோடு சுட்டுவது தென்மாவட்டப் பேச்சு. 'ஆவன்னா... நம்பிட்டாரா' என்பதில் எழுத்துப் பெயரும் மரியாதை விகுதியும் ஒன்றாக நிற்பதைக் காண்க. கிட்டங்கியின் இரவுப் பேச்சிலிருந்து அது வெகுதூரம் விலகியதன்று.

இதற்குப் பின் அந்த ஆயாவே பேருந்து நிறுத்தத்திற்கு வந்துவிட்டால் என்ன நிகழும் என்பதையும் எழுத்தாளர் எண்ண வேண்டும். இருவர் பேச்சும் நொடியில் மாறிவிடும். 'வாங்க', 'சரிங்க' என்பதைத் தவிர வேறொன்றும் எழாது. பெரியவர் முன்பும் அதே துடுக்கோடு பேசும் பதின்பருவத்தவனைக் கதையில் கண்டால், அவனை எழுதியவர் இளைஞரைத் தனியே பேசவிட்டு அருகிருந்து கேட்டவரல்லர் என முடிவுசெய்யலாம்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. நடப்புச் சொல்லை அறவே விலக்கினால் உரையாடல் எந்தப் பத்தாண்டினது என்றே தெரியாமற்போகும். கைப்பேசியோடு வளர்ந்தவன் பேச்சில் அதன் சுவடு இல்லாமலிருப்பதும் பொய்யே. காட்சிக்கு ஒன்றாக, அதுவும் பாத்திரங்களுள் ஒருவனுக்கு மட்டுமே உரியதாக, மற்றவன் அதைக் கிண்டல் செய்வதற்கு இடந்தருவதாக அமைத்தால் அச்சொல் பழசானாலும் கதைக்குச் சேதமில்லை. அப்போது அது அக்காலத்தின் சொல்லாக இல்லாமல் அவனுடைய பழக்கமாக நிற்கிறது.

இன்னொரு எல்லை பெரிது. கிட்டங்கி ஆடவர் மட்டுமே வாழ்ந்த உலகம். அதிலிருந்து பெறப்படும் எச்சான்றும் பையன்களின் பேச்சிற்கே பொருந்தும். அதே ஆண்டுகளில் செட்டிநாட்டு வளவுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள், தவணை முடிந்து வரப்போகும் அண்ணனையும் மணமகனையும் பற்றித் தமக்குள் பேசிய பேச்சு சிங்காரத்தின் நாவல்களில் இல்லை. 'ஆச்சி' என்னும் விளிக்கும் 'வாடி' என்னும் அழைப்பிற்கும் இடையே அவர்கள் வளர்த்த கேலிமொழியை முதியோர் நினைவுகளிலிருந்தே இனித் திரட்ட வேண்டும்.

சிங்காரம் இரண்டு நாவல்களோடு நிறுத்திக்கொண்டார். 1997இல் மறையும்வரை மதுரையிலேயே வாழ்ந்தார். அவ்வாண்டுகளில் பெரும்பகுதி ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் கழிந்தது. விடுதி வராந்தாவிலும் நாளிதழ் அலுவலகத்திலும் மூன்று தலைமுறை இளைஞரின் பேச்சு அவர் செவியில் விழுந்திருக்க வேண்டும். அதில் ஒரு நாவலும் அவர் எழுதவில்லை.